தலைகீழாய்ச் சுற்றும் மோட்டார்

எரிந்துபோன ட்ரான்ஸ்பார்மரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியாகிவிட்டது. மும்முனை மின்சாரம் வந்ததும் தோட்டத்து ஸ்டார்ட்டர் வழக்கம்போல இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வோல்ட் மீட்டரில் 410 காட்டுகிறது. ஆம்பியர் மீட்டரின் முள்ளும் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு அருகிலேயே நிற்கிறது. தொட்டியில் விழும் தண்ணீர் மட்டும் குறைந்துபோயிருக்கிறது. முன்பு குழாய் வாய் நிறைய வந்தது, இப்போது அடிப்பக்கத்தை நனைத்துக்கொண்டு வருகிறது. கோடைக்காலம் என்றால் அதுவும் வருவதில்லை.

கொங்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றை நம்பி விவசாயம் செய்பவருக்கு இதைப் பார்த்ததும் தோன்றுவது ஒன்றுதான்: போர் வற்றிவிட்டது. அடுத்து கிரேன் வண்டியை வரவழைத்து மோட்டாரை மேலே எடுப்பது, இன்னும் நூறு அடி கீழே இறக்குவது, அதுவும் போதாவிட்டால் புதிதாக ஒரு போர் போடுவது என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பழுது எதுவுமே கிணற்றுக்குள் இல்லாமல் இருக்கலாம். கம்பத்தின் மேல் மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறியிருப்பதால், 400 அடி ஆழத்தில் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

அனுபவமுள்ள மோட்டார் மெக்கானிக் இந்த இடத்தில் கேட்கும் கேள்வியே வேறு. "போரு வத்திருச்சுன்னு நெனைக்கறனுங்க, மழை பேஞ்சு நாலு மாசம் ஆச்சு" என்று விவசாயி சொன்னால், அவர் கிணற்றைப் பற்றிப் பேசமாட்டார். "ட்ரான்ஸ்பார்மர் மாத்துனது என்னைக்குங்க? தண்ணி கொறைஞ்சது அன்னைக்கிருந்தா, அதுக்கு முன்னாலயேவா?" என்பார். இரண்டும் ஒரே நாள் என்றால் விசாரணை பாதி முடிந்துவிட்டது. "பக்கத்துத் தோட்டத்துலயும் தண்ணி கொறைஞ்சிருச்சாங்க?" என்பது அடுத்த கேள்வி. ஒரே ட்ரான்ஸ்பார்மரில் இணைந்திருக்கும் எல்லாக் கிணறுகளும் ஒரே நாளில் வற்றுவது நடக்காத காரியம். எல்லோருக்கும் குறைந்திருந்தால் கோளாறு மேலே, லைனில் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய சர்வீஸ் வயரிலிருந்து மோட்டார் கேபிள் வரை எங்கோ இருக்கிறது.

மூன்று கம்பிகளிலும் வருவது ஒரே மின்சாரம்தானே, எது எங்கே இருந்தால் என்ன என்ற கேள்வி இயல்பானது. மூன்றிலும் மின்னழுத்தம் ஒரே அளவுதான், ஒவ்வொன்றும் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குவதும் ஒரே மாதிரிதான். மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை என்பதே வேறுபாடு. ஆர் என்று குறிக்கப்படும் சிவப்புக் கம்பி உச்சத்தைத் தொட்டு, ஒரு நொடியில் 150-ல் ஒரு பங்கு நேரம் கழித்து ஒய் என்ற மஞ்சள் கம்பி உச்சத்துக்கு வரும். அதே இடைவெளி கழித்து பி என்ற நீலக் கம்பி வரும். பிறகு மறுபடியும் சிவப்பு. இந்த வருகை வரிசையைத்தான் ஃபேஸ் சீக்வென்ஸ் என்கிறார்கள்.

மோட்டாரின் ஸ்டேட்டரில் மூன்று சுற்றுக் கம்பிகள் வட்டமாக, சம இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு கம்பியும் தன் முறை வரும்போது தன் இடத்தில் காந்தத்தை வலுவாக்குகிறது. திருவிழா ராட்டினத்தைச் சுற்றி மூன்று பேர் நின்று, முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று முறை வைத்து இழுத்தால் அது ஒரு பக்கமாகச் சுற்றும். இரண்டாமவரும் மூன்றாமவரும் இடம் மாறி நின்றுகொண்டு அதே முறைப்படி இழுத்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். மோட்டாருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. வரிசை மாறினால் காந்தப்புலம் எதிர்த்திசையில் சுற்றும், ரோட்டார் அதன் பின்னாலேயே போகும். வேகம் குறையாது. 2,850 சுற்று வேகத்தில் ஓடும் மோட்டார் எதிர்ப்பக்கமும் அதே வேகத்தில்தான் ஓடும்.

மூன்று கம்பிகளை மூன்று முனைகளில் ஆறு விதமாக மாட்டலாம். அவற்றில் மூன்று விதங்கள் நேர் வரிசையைத் தரும், மற்ற மூன்றும் எதிர் வரிசையைத் தரும். மூன்று கம்பிகளையும் ஒவ்வோர் இடமாக நகர்த்தி மாட்டினால் எதுவும் மாறாது, ஏனென்றால் ஆர்-ஒய்-பி என்பதும் ஒய்-பி-ஆர் என்பதும் ஒரே சுற்றுதான். ஏதாவது இரண்டை மட்டும் இடம் மாற்றினால் திசை திரும்பிவிடும். அடையாளம் பார்க்காமல் மாட்டுகிறவருக்குப் பாதிக்குப் பாதி தவறு நேர வாய்ப்பு இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்தச் சுழலும் காந்தப்புலத்தை முதலில் செய்துகாட்டியவர்கள் இத்தாலியின் டூரின் நகரத்தில் கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவும். 1888-ல் ஃபெராரிஸின் ஆய்வு வெளிவந்தது, டெஸ்லாவுக்குக் காப்புரிமையும் அதே ஆண்டில் கிடைத்தது. அதை மூன்று முனைகளுக்கு விரித்து இன்றைய மோட்டாரின் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியில் பணியாற்றிய டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி. 1891-ல் லாஃபன் என்ற ஊரிலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு மும்முனை மின்சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். வந்துசேர்ந்த மின்சாரம் கண்காட்சியில் ஆயிரம் விளக்குகளை எரித்ததோடு ஒரு மோட்டாரையும் ஓட்டியது. அந்த மோட்டார் பம்பைச் சுற்றிச் செயற்கை அருவிக்குத் தண்ணீர் இறைத்தது. மும்முனை மின்சாரத்துக்கும் தண்ணீர் இறைப்பதற்கும் உள்ள உறவு தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

எதிர்ப்பக்கம் சுற்றும் பம்பு தண்ணீரை மேலிருந்து கீழே தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடந்தால் கோளாறு உடனே தெரிந்துவிடும். நடப்பது வேறு. சென்ட்ரிஃபியூகல் பம்பில் இம்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றினாலும் நடுவில் நுழையும் தண்ணீரை வெளி விளிம்புக்கு வீசத்தான் செய்யும். வெளியேறும் வழியும் மேல்நோக்கி ஒன்றுதான். எனவே தண்ணீர் சரியான திசையில்தான் வரும், வலு மட்டும் இருக்காது. இம்பெல்லரின் இலைகள் சுழற்சிக்குப் பின்புறமாக வளைந்து, சுற்றும் வேகத்தை அழுத்தமாக மாற்றும்படி வார்க்கப்பட்டவை. இம்பெல்லரைவிட்டு வெளியேறும் தண்ணீரை வாங்கி அடுத்த அடுக்குக்கு அனுப்பும் கிண்ணத்தின் வழிகளும் ஒரே சுழற்சித் திசைக்கு ஏற்பச் சாய்ந்தவை. எதிர்ப்பக்கம் சுற்றும்போது தண்ணீர் அந்த வழிகளில் வழுக்கிப் போகாமல் முட்டி மோதிச் சுழல்கிறது. மோட்டார் எடுத்துக்கொள்ளும் சக்தியில் பெரும்பகுதி இந்த மோதலிலேயே சூடாகப் போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் போர் வற்றியது போன்ற தோற்றம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். ஏழரை குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் 400 அடியில் இறக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வால்வை முழுதாக மூடிய நிலையில் அந்தப் பம்பு உந்தக்கூடிய அதிகபட்ச உயரம் 490 அடி. சித்திரையில், மோட்டார் ஓடும்போது, கிணற்றின் நீர்மட்டம் 330 அடியில் நிற்கிறது. நேராகச் சுற்றினால் நொடிக்கு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வரும். 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்துப் பார்த்தால் எழுபது நொடியில் நிரம்பும்.

இதே பம்பு எதிர்ப்பக்கம் சுற்றும்போது உந்தும் உயரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று கொள்வோம். இந்த அளவு பம்புக்குப் பம்பு மாறும், ஆனால் கணக்குக்குப் பாதி பொருத்தமானது. அப்படியானால் அதன் எல்லை 245 அடி. தண்ணீரோ 330 அடியில் இருக்கிறது. மோட்டார் முழு வேகத்தில் ஓடினாலும் குழாய்க்குள் தண்ணீர் 245 அடி ஏறி, தரைக்கு 85 அடி கீழே நின்றுவிடும். ஒரு சொட்டுகூட வெளியே வராது. ஐப்பசி மழைக்குப் பிறகு நீர்மட்டம் 200 அடிக்கு உயர்ந்தால் அதே தலைகீழ் மோட்டார் கொஞ்சம் தண்ணீர் தரத் தொடங்கும். மழை பெய்தால் வருகிறது, வெயில் அடித்தால் நிற்கிறது. போரில் ஊற்று இல்லை என்ற முடிவுக்கு வருவதற்கு இதைவிட வலுவான சான்று விவசாயிக்கு வேண்டியதில்லை. கிணற்றின் மேல் விழும் இந்தப் பழி இரண்டு மூன்று பருவம்வரைகூட நீடிக்கக்கூடும்.

தண்ணீர் வராமல் மோட்டார் மட்டும் ஓடுவது வீண் ஓட்டத்தோடு முடிவதில்லை. நீர்மூழ்கி மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவது அதன் உடம்பை உரசிக்கொண்டு மேலே போகும் கிணற்றுத் தண்ணீர்தான். ஓட்டம் நின்றால் சூடு வெளியேற வழியில்லாமல் தங்கும். பம்புக்குள் சிக்கிய தண்ணீரும் கடையப்பட்டே சூடேறும். இத்தனை நடந்தும் ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலே வாயைத் திறக்காது, ஏனென்றால் அது பார்ப்பது ஆம்பியரை மட்டும். எதிர்ப்பக்கம் ஓடும்போது ஆம்பியர் சில பம்புகளில் குறையும், சிலவற்றில் சற்றுக் கூடும், ஆனால் பெரும்பாலும் எச்சரிக்கை அளவைத் தாண்டாது. ஆம்பியர் மீட்டரை வைத்துத் திசையைச் சொல்லவும் முடியாது.

கம்பிகள் இடம் மாறுவதற்கு வாய்ப்பான இடங்கள் பல. ட்ரான்ஸ்பார்மர் மாற்றும்போது தாழ்வழுத்தப் பக்கத்தில் மாறலாம். மேலே 11,000 வோல்ட் பக்கத்தில் இரண்டு மாறினாலும் கீழே வரிசை திரும்பிவிடும். புயலில் அறுந்த லைனை இழுத்துக் கட்டும்போது கம்பத்தில் ஜம்பர் மாறலாம். மோட்டாரை மேலே எடுத்து மறுபடி இறக்கும்போது தட்டைக் கேபிளில் போடும் இணைப்பில் மாறுவதும் அடிக்கடி நடக்கிறது. சேற்றில் கிடந்து பழுத்த கேபிளில் மஞ்சளும் சிவப்பும் ஒரே நிறமாகத் தெரியும். ரீவைண்டிங் செய்து வந்த மோட்டாரில் வெளியே விடப்பட்ட முனைகளே மாறியிருக்கலாம்.

கிணற்றுக்கு வெளியே இருக்கும் மோட்டார்களில் திசையைக் கண்ணால் பார்த்துவிடலாம். மோனோபிளாக் பம்பின் உடம்பில் அம்புக்குறியே வார்த்திருப்பார்கள், பின்புற விசிறியைப் பார்த்தால் போதும். ஆனால் பார்ப்பதற்குள் கேடு நடந்துவிடும் இயந்திரங்களும் உண்டு. நகரக் குடிநீர் நிலையங்களில் மோட்டார் மேலேயும் பம்பு ஆழத்திலுமாக இருக்கும் டர்பைன் பம்புகளில், நீண்ட தண்டுகளை மரையுள்ள இணைப்புகளால் ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். சரியான சுழற்சி அந்த மரையை இறுக்கும், தவறான சுழற்சி கழற்றும். கழன்ற தண்டு மேல்நோக்கி எழும்பி வளைந்துபோகும். அதனால்தான் அங்கே முதலில் மோட்டாரைத் தண்டிலிருந்து பிரித்துத் தனியாக ஓட்டித் திசை பார்த்துவிட்டு, பிறகே இணைக்கிறார்கள். ஸ்க்ரூ கம்ப்ரெஸர்களில் எண்ணெய் ஓட்டம் சுழற்சித் திசையை நம்பியிருப்பதால் சில நொடி எதிரோட்டமே சேதம் விளைவிக்கும். இவற்றுக்கெல்லாம் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது வழியல்ல, ஓட்டுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

வீட்டு மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் இந்தக் கவலை இல்லை. அவை ஒருமுனை மின்சாரத்தில் ஓடுபவை. எந்த ஃபேஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் திசை மாறாது.

வரிசையைக் கண்டுபிடிக்க டெஸ்டர் உதவாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். டெஸ்டரின் குட்டி விளக்கு மூன்று கம்பியிலும் ஒரே மாதிரிதான் எரியும். மல்ட்டிமீட்டரை எந்த இரண்டு கம்பிக்கு இடையில் வைத்தாலும் 415-ஐ ஒட்டியே காட்டும். இரண்டும் அளவைப் பார்க்கும் கருவிகள். யார் முதலில், யார் அடுத்து என்பதைச் சொல்ல, மூன்று கம்பிகளையும் ஒரே நேரத்தில் பார்க்கும் கருவி வேண்டும். அதுதான் ஃபேஸ் சீக்வென்ஸ் இன்டிகேட்டர்.

பழைய வகை இன்டிகேட்டர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. அதிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வயர்கள் வெளியே வரும், ஒவ்வொன்றின் நுனியிலும் முதலைக் கிளிப் இருக்கும். மேல்புறக் கண்ணாடிக்குக் கீழே ஓர் அலுமினியத் தட்டு, அதன் மேல் ஒரு புள்ளியோ கோடோ தெரியும். தட்டுக்கு அடியில் மூன்று சிறு காயில்கள் உண்டு. உண்மையில் இது ஒரு குட்டி மும்முனை மோட்டார். கண்ணாடிக்குப் பக்கத்தில் அம்புக்குறி வரைந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் தட்டு சுற்றும். அம்புக்குறிப்படி சுற்றினால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற நேர் வரிசை, மாறிச் சுற்றினால் எதிர் வரிசை. மூன்று முனையிலும் மின்சாரம் இருக்கிறதா என்று காட்ட மூன்று சின்ன விளக்குகளும் பெரும்பாலும் இருக்கும். காயில்கள் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்யப்பட்டவை அல்ல. சில நொடியில் பார்த்துவிட்டுப் பொத்தானை விட்டுவிட வேண்டும். புதிய வகைகளில் தட்டுக்குப் பதிலாக எல்இடி விளக்கோ திரையோ திசையைக் காட்டுகிறது.

முறையாகச் செய்கிற வயர்மேன் மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று முனையிலும் மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்துவிட்டுத்தான் கிளிப்புகளைப் பிடிக்கவைப்பார். ஸ்டார்ட்டரின் உள்வரும் முனைகளில் இடமிருந்து வலமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம். கிளிப்புகள் ஒன்றையொன்று தொடவில்லை என்று பார்த்து, கையை எடுத்துவிட்டு, சுவிட்சைப் போட்டுப் படிப்பார். 415 வோல்ட்டில் நடக்கும் வேலை இது. உரிமம் பெற்றவர் மட்டுமே பெட்டியைத் திறக்க வேண்டும்.

கருவி கையில் இல்லாத பழைய நாட்களில், விளக்கும் கண்டென்ஸரும் வைத்தே வரிசையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கண்டென்ஸரையும் ஒரே வாட் கொண்ட இரண்டு குண்டு பல்புகளையும் எடுத்து, மூன்றின் ஒரு முனையையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, மற்ற முனைகளை ஆளுக்கொரு ஃபேஸில் கொடுத்தால் இரண்டு பல்பில் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் எரியும். கண்டென்ஸர் இருக்கும் ஃபேஸுக்கு அடுத்து வருவது பளிச்சென்று எரியும் பல்பின் ஃபேஸ், அதற்கும் அடுத்தது மங்கல் பல்பினுடையது. கண்டென்ஸர் சிவப்பில் இருந்து, மஞ்சளில் உள்ள பல்பு பளிச்சென்றால் நேர் வரிசை. கண்டென்ஸரின் தடையும் பல்பின் தடையும் சமமாக இருந்தால், ஒரு பல்பு ஃபேஸ் மின்னழுத்தத்தின் ஒன்றரை மடங்கையும் மற்றது வெறும் 0.4 மடங்கையும் வாங்கும் என்று கணக்கு சொல்கிறது. 230 வோல்ட்டின் ஒன்றரை மடங்கு என்றால் 345 வோல்ட். ஒற்றைப் பல்பு அதைத் தாங்காது, அதனால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பல்புகளைத் தொடராகப் போடுவார்கள். இன்றைய எல்இடி பல்பில் இந்த வித்தை பலிக்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் அது ஒரே வெளிச்சம் தரும்படி செய்யப்பட்டது. நகரும் பாகமே இல்லாத சில இன்டிகேட்டர்களுக்குள் இருப்பதும் இதே கொள்கைதான் என்பதால் தெரிந்துகொள்ளத் தகுந்தது. திறந்த முனைகளோடு இதை வீட்டில் செய்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து.

இன்டிகேட்டர் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அது வரும் மின்சாரத்தின் வரிசையைச் சொல்கிறது, மோட்டார் சுற்றும் திசையைச் சொல்வதில்லை. ஸ்டார்ட்டர் வரை நேர் வரிசை வந்தாலும், கிணற்றுக்குள் இருக்கும் கேபிள் இணைப்பில் இரண்டு மாறியிருந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம்தான் ஓடும். எனவே முதல்முறை மோட்டார் இறக்கும்போது தண்ணீரை அளந்துதான் திசையை முடிவு செய்ய வேண்டும். ஒரு வரிசையில் ஓட்டி டிரம் நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு இரண்டு வயரை மாற்றி ஓட்டி மறுபடி குறிக்கிறார்கள். எதில் சீக்கிரம் நிரம்புகிறதோ அதுவே சரியான திசை. குழாயில் அழுத்தமானி இருந்தால் இன்னும் எளிது. டெலிவரி வால்வைச் சில நொடி மூடிப் பார்த்தால், மேலே சொன்ன கணக்குப்படி சரியான திசையில் முள் 5 கிலோவை ஒட்டி ஏறும், தவறான திசையில் எழும்பவே எழும்பாது. திசை உறுதியான அன்றே ஸ்டார்ட்டர் முனையில் இன்டிகேட்டரை வைத்து, அது காட்டும் வரிசையைப் பெட்டியின் கதவில் எழுதிவிட வேண்டும். பிற்பாடு எப்போது சந்தேகம் வந்தாலும் அதோடு ஒப்பிட்டால் போதும், மோட்டாரைத் தூக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், ஒரு ஃபேஸ் போய்விட்ட நேரத்தில் வருவது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், அறுந்த ஃபேஸிலும் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக் காட்டும். அந்த நேரத்தில் மோட்டார் முனையில் அளந்தால் மூன்றும் இருப்பது போலவே தெரியும். இரண்டு ஃபேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டென்ஸர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுகிற வழக்கமும் ஊர்ப்புறத்தில் இருக்கிறது. அப்போது மூன்றாவது முனையின் மின்சாரம் கண்டென்ஸர் வழியாகப் பிறக்கிறது. கண்டென்ஸரின் மறுமுனை எந்த ஃபேஸில் இணைந்திருக்கிறது என்பதே திசையைத் தீர்மானிக்கும். ஆகவே வரிசை பார்ப்பதற்கு முன் மோட்டாரை நிறுத்தி, கண்டென்ஸரை விலக்கி, மூன்று ஃபேஸும் உண்மையாகவே வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தவறு உறுதியானால் தீர்வு சிறியது: மின்சாரத்தை அணைத்து, ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்ற வேண்டும். எந்த இடத்தில் மாற்றுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஆறு வயர்கள் போகின்றன. அந்த ஆறில் கை வைத்து இரண்டை மாற்றினால், ஸ்டாரில் ஒரு பக்கமாகக் கிளம்பி டெல்டாவுக்கு மாறும்போது எதிர்ப்பக்கம் இழுக்கிற நிலைகூட வரலாம், சுற்றுக் கம்பி எரியும் அளவுக்கு மின்சாரம் பாயலாம். ஸ்டார்ட்டருக்குள் நுழையும் மூன்று வயர்களில் இரண்டை மாற்றினால் இந்த வம்பு எதுவும் இல்லை. கோளாறு ட்ரான்ஸ்பார்மரில் என்றால் அங்கேயே, மின்வாரிய ஊழியரைக்கொண்டு சரிசெய்வதுதான் முறை. ஒவ்வொருவரும் தத்தம் ஸ்டார்ட்டரில் மாற்றிக்கொண்டு, பிறகு ஒருநாள் ட்ரான்ஸ்பார்மரிலும் சரிசெய்துவிட்டால் அத்தனை மோட்டாரும் மறுபடி தலைகீழாகும்.

இதைத் தானாகவே தடுக்கும் கருவியும் பல தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவதற்காக ஸ்டார்ட்டரோடு பொருத்தும் சிங்கிள் ஃபேஸிங் ப்ரிவென்டரில், மின்னழுத்தத்தைப் பார்த்து வேலை செய்யும் வகைகள் வரிசை மாறினாலும் ஸ்டார்ட்டரை இழுக்கவிடாது. மின்னோட்டத்தை மட்டும் பார்க்கும் வகைகளுக்கு வரிசை தெரியாது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும். ட்ரான்ஸ்பார்மர் மாற்றிய மறுநாள் மோட்டார் கிளம்பாமல் நின்றால், ப்ரிவென்டர் கெட்டுவிட்டது என்று சொல்லி அதன் இரண்டு வயரையும் முறுக்கி நேராக ஓட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி முறுக்குவதற்கு முன் இன்டிகேட்டரை ஸ்டார்ட்டரின் உள்முனையில் வைத்து, தட்டு சுற்றும் திசையையும் கதவில் எழுதியிருக்கும் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் மாறுபட்டிருந்தால் ப்ரிவென்டர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. உள்வரும் வயர்களில் இரண்டை மாற்றியதும் அதன் பச்சை விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் இழுக்கும்.